ஒன்பது ஓட்டங்களில் கடைசல் அமைப்பு: கப்பலூர்ப் பட்டறை ஒன்றில் எல்9 அணி காட்டியதும் மறைத்ததும்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள கப்பலூர் தொழிற்பேட்டையில், இரண்டு சிஎன்சி லேத்துகளை வைத்து நடக்கும் ஒரு சிறிய பட்டறையில் நடந்த சோதனை இது. இஎன்8 எஃகில் 30 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு தண்டின் தாங்கிப் பகுதியைக் கடைந்து முடிப்பதே வேலை. அந்தப் பரப்பின் சொரசொரப்பு, அதாவது ஆர்ஏ அளவு, 1.6 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று வரைபடம் சொல்கிறது. பட்டறையில் நெடுநாளாக நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்திலும், சுற்றுக்கு 0.10 மி.மீ. ஃபீடிலும், 0.8 மி.மீ. நுனி ஆரமுள்ள இன்சர்ட்டை வைத்து இந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஆர்ஏ 1.25 அளவில் வந்தது. எந்தத் தண்டும் திரும்பி வரவில்லை. ஆனால் முடிப்பு வெட்டுக்கு மட்டும் ஒரு தண்டுக்கு 42 விநாடி ஆனது. ஆர்டர் கூடியபோது அந்த லேத்தின் முன்னால்தான் வேலை தேங்கி நின்றது.

சொரசொரப்பைக் குறைக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பது லேத் ஓட்டும் எவருக்கும் தெரியும்: ஃபீடைக் குறைக்க வேண்டும், வேகத்தைக் கூட்ட வேண்டும், நுனி ஆரம் பெரிதாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கச் சோதனை எதுவும் தேவையில்லை. இங்கே கேள்வி வேறு. ஃபீடைக் கூட்டினால் நேரம் மிச்சமாகும், பரப்பு கெடும். அந்தக் கேட்டை வேகத்தாலும் நுனி ஆரத்தாலும் எவ்வளவு தூரம் ஈடுகட்ட முடியும்? இதற்கு விடை சொல்ல, ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு தரும், எவ்வளவு எடுக்கும் என்பது ஒரே அளவுகோலில் தெரிய வேண்டும். என் பார்வையில், செங்குத்தணியை வைத்துச் செய்யும் சோதனையின் உண்மையான விளைபொருள் இந்த விலைப்பட்டியல்தானே தவிர, "சிறந்த அமைப்பு" என்று கடைசியில் வட்டமிடப்படும் ஒற்றை வரி அல்ல.

காரணிகளும் அணியும்

நான்கு காரணிகளை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 120, 160, 200 மீட்டர். ஃபீட் சுற்றுக்கு 0.10, 0.15, 0.20 மி.மீ. வெட்டு ஆழம் 0.4, 0.8, 1.2 மி.மீ. இன்சர்ட்டின் நுனி ஆரமும் 0.4, 0.8, 1.2 மி.மீ. எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டிப் பார்ப்பதென்றால் மூன்றை நான்கு முறை பெருக்கி 81 ஓட்டங்கள் வேண்டும். உற்பத்தி நடக்கும் லேத்தை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

எல்9 என்ற செங்குத்தணி, அதாவது ஆர்த்தோகனல் அரே, இதை ஒன்பது ஓட்டங்களில் முடிக்கிறது. அதன் ஒன்பது வரிகளில் எந்த இரண்டு பத்திகளை எடுத்தாலும், அவற்றின் ஒன்பது சேர்க்கைகளும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும். அதனால் 120 மீட்டர் வேகத்தில் ஓடிய மூன்று ஓட்டங்களை மட்டும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அதற்குள் மூன்று ஃபீடுகளும், மூன்று ஆழங்களும், மூன்று நுனி ஆரங்களும் சம பங்காக அடங்கியிருக்கும். 160 மீட்டருக்கான சராசரியிலும் அப்படியே. எனவே இரண்டு சராசரிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வேகத்தின் கணக்கில் எழுதலாம். இப்படிப்பட்ட அணிகளின் பொதுவான கணிதத்தை 1940-களில் வகுத்தவர் சி. ஆர். ராவ். அவர் பணியாற்றிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1954–55-இல் வருகையாளராக வந்திருந்த கெனிச்சி தகுச்சிதான், பின்னாளில் இந்த அணிகளைத் தொழிற்சாலைத் தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. காரணிகள் ஒவ்வொன்றும் தன் விளைவைத் தனித்தனியாகச் சேர்க்கின்றன, ஒன்றின் விளைவு மற்றொன்றின் நிலையைப் பொறுத்து மாறுவதில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் மேற்சொன்ன சராசரிக் கணக்கு நிற்கிறது. ஒன்பது ஓட்டங்கள் தரும் எட்டு ஒப்பீடுகளையும் நான்கு காரணிகளே எடுத்துக்கொண்டுவிடுவதால், அந்த அனுமானத்தைச் சோதிக்க அணிக்குள் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே அனுமானம் பொய்க்காத அளவுகோலை முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பொய்த்திருக்கிறதா என்பதைப் பிறகு வெளியிலிருந்து ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் டெசிபலில் கணக்கிட வேண்டும்

கடைசலில் நுனி விட்டுச் செல்லும் வரிகளின் வடிவத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சொரசொரப்பு தோராயமாக இப்படி வரும்:

```
Ra = f² / (32 r)
```

இதில் f என்பது ஃபீட், r என்பது நுனி ஆரம். இரண்டும் பெருக்கலாக, வகுத்தலாகச் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 0.4 மி.மீ. ஆரத்தில் ஃபீடை 0.10-லிருந்து 0.20-ஆக்கினால் ஆர்ஏ 0.78-லிருந்து 3.13 மைக்ரானுக்குப் போகும்; கூடுவது 2.3 மைக்ரானுக்கு மேல். 1.2 மி.மீ. ஆரத்தில் அதே மாற்றம் 0.26-லிருந்து 1.04-க்குத்தான் போகும், கூடுவது 0.8 மைக்ரான்கூட இல்லை. மைக்ரானில் சராசரி எடுத்தால், ஃபீடின் விளைவு நுனி ஆரத்தைப் பொறுத்து மாறுகிறது என்றாகிவிடும். எல்9 அணியின் அடிப்படையே ஆட்டம் காணும். ஆனால் இரண்டு இடத்திலும் ஆர்ஏ சரியாக நான்கு மடங்காகிறது. மடக்கையில் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு மாற்றம். பெருக்கலைக் கூட்டலாக்குவதுதானே மடக்கையின் வேலை.

தகுச்சி முறையில் "குறையக் குறைய நல்லது" என்ற வகைக்கு எழுதப்படும் எஸ்/என் விகிதம் இந்த மடக்கையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது:

```
S/N = -10 log10( (y1² + y2²) / 2 )
```

இதில் y1, y2 என்பவை ஒரே அமைப்பில் கடைந்த இரண்டு தண்டுகளின் ஆர்ஏ அளவுகள். எண் கூடக் கூடப் பரப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். 1.6 மைக்ரான் என்ற நம் வரம்பு இதில் −4.08 டெசிபல். பல பட்டறை அறிக்கைகளில் இந்தச் சூத்திரம் ஒரு சடங்காகவே வந்துபோகிறது. ஃபீடும் நுனி ஆரமும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இதுதான் வழி செய்கிறது என்பது தெரிந்தால்தான், இதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் தெரியும்.

ஓட்டங்கள்

மூன்று நுனி ஆரத்துக்கும் சிஎன்எம்ஜி 120404, 120408, 120412 என்ற இன்சர்ட்டுகளை ஒரே கிரேடிலும் ஒரே சிப் பிரேக்கரிலும் வாங்கினோம். இந்த வகைக்கு நான்கு வெட்டுமுனைகள் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது முனை என்பது கட்டாயம். இல்லாவிட்டால் தேய்மானம் கடைசி ஓட்டங்களின் கணக்கில் ஏறிவிடும். ஒரு நுனி ஆரம் அணியில் மூன்று வரிகளில் வருவதால், மூன்று இன்சர்ட்டுகளே போதுமானதாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முனை மிச்சமும் இருந்தது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு தண்டுகள் கடைந்தோம். இரண்டும் வெவ்வேறு வார்ப்புத் தொகுதியிலிருந்து வந்த கம்பிகள். கம்பியின் கடினத்தன்மை தொகுதிக்குத் தொகுதி மாறுவதை வாங்குகிறவரால் தடுக்க முடியாது. தேர்ந்தெடுக்கும் அமைப்பு இரண்டையும் தாங்க வேண்டும். வெட்டு ஆழம் துல்லியமாக இருக்க, தண்டுகளை முன்னதாகவே 30.8, 31.6, 32.4 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து வைத்திருந்தோம். ஓட்டங்களின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தோம். காலையில் குளிர்ந்திருக்கும் ஸ்பிண்டிலும் மதியம் சூடேறியிருக்கும் கூலண்டும் ஒரே காரணியின் தலையில் விழாமல் இருக்க அதுவே எளிய வழி. சொரசொரப்பைக் கையடக்கக் கருவியால் அச்சு நீளவாக்கில், 0.8 மி.மீ. கட்-ஆஃப் வைத்து, சுற்றளவில் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுத்தோம்.

| ஓட்டம் | வேகம் | ஃபீட் | ஆழம் | ஆரம் | தண்டு 1 | தண்டு 2 | டெசிபல் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 120 | 0.10 | 0.4 | 0.4 | 1.78 | 1.96 | −5.45 |
| 2 | 120 | 0.15 | 0.8 | 0.8 | 1.74 | 1.88 | −5.16 |
| 3 | 120 | 0.20 | 1.2 | 1.2 | 2.28 | 2.42 | −7.43 |
| 4 | 160 | 0.10 | 0.8 | 1.2 | 0.68 | 0.72 | 3.09 |
| 5 | 160 | 0.15 | 1.2 | 0.4 | 2.20 | 2.28 | −7.01 |
| 6 | 160 | 0.20 | 0.4 | 0.8 | 2.06 | 2.14 | −6.45 |
| 7 | 200 | 0.10 | 1.2 | 0.8 | 0.86 | 0.92 | 1.01 |
| 8 | 200 | 0.15 | 0.4 | 1.2 | 1.30 | 1.58 | −3.21 |
| 9 | 200 | 0.20 | 0.8 | 0.4 | 2.84 | 2.92 | −9.19 |

முதல் மூன்று வரிகளில் அளவு சூத்திரம் சொல்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதற்குக் காரணம் வேகம். 120 மீட்டரில் இஎன்8 எஃகு வெட்டுமுனையில் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து, பரப்பில் திப்பித்திப்பியாகப் பதிகிறது. மூன்றாவது ஓட்டத்தின் தண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சீரான ஃபீட் வரிகளுக்கு நடுவே மங்கலான செதில்கள் தெரிந்தன. 160-க்கு மேல் அவை இல்லை.

சராசரிகள் சொன்ன கதை

ஒவ்வொரு நிலைக்கும் மூன்று ஓட்டங்களின் டெசிபல் சராசரியை எடுத்தபோது, ஃபீடுக்கு −0.45, −5.13, −7.69 என்றும், நுனி ஆரத்துக்கு −7.22, −3.53, −2.52 என்றும் வந்தன. இவை எதிர்பார்த்த திசையிலேயே இருந்தன. வேகத்துக்கு −6.01, −3.46, −3.80, ஆழத்துக்கு −5.04, −3.75, −4.48. ஒன்பதின் மொத்தச் சராசரி −4.42.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் முடிவு எளிது: வேகம் 160-ஐத் தாண்ட வேண்டாம், ஆழம் 0.8, ஆரம் 1.2. இந்த மூன்றையும் 0.20 ஃபீடோடு சேர்த்தால் வரக்கூடிய அளவை, நான்கு சராசரிகளையும் கூட்டி மொத்தச் சராசரியை மூன்று முறை கழித்துக் கணக்கிட வேண்டும். கிடைப்பது −4.15 டெசிபல், அதாவது 1.61 மைக்ரான். வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. எனவே 0.20 ஃபீடு ஆகாது என்று எழுதி அறிக்கையை மூடிவிடலாம். பல அறிக்கைகள் இந்த இடத்தில்தான் மூடப்படுகின்றன. கூடவே எந்தக் காரணிக்கு எத்தனை சதவீதப் பங்கு என்ற ஓர் அட்டவணையும் இணைக்கப்படும். நான்கு பத்திகளும் நிரம்பிய எல்9 அணியில் பிழையை அளக்க எதுவும் மிஞ்சுவதில்லை என்பதால், அந்தச் சதவீதங்களில் எது காரணியின் விளைவு, எது வெறும் சிதறல் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கணினி நிரல் அதைக் கேட்காமல் அச்சிட்டுக் கொடுத்துவிடும் என்பதுதான் கவலை.

எனக்கு உறுத்தியது வேகத்தின் பத்தி. முனையில் உலோகம் ஒட்டுவது நின்றுவிட்ட பிறகு 160-லிருந்து 200-க்குப் போகும்போது பரப்பு சற்றாவது மேம்பட வேண்டும். குறைந்தபட்சம் அப்படியே நிற்க வேண்டும். கெடுவதற்கு உலோகத்தில் காரணம் இல்லை. ஆழத்தின் பத்தியும் அப்படியே: 0.4 மிக மோசம், 0.8 நன்று, 1.2 நடுவில் என்ற வளைவுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. நுனி ஆரத்திலோ 0.4-லிருந்து 0.8-க்குப் போனபோது 3.7 டெசிபல் கிடைத்தது, 1.2-க்குப் போனபோது வெறும் ஒன்று. வேகம் 200, ஆழம் 0.4, ஆரம் 1.2 என்று சந்தேகத்துக்குரிய மூன்று நிலைகளையும் வரிசையாக எழுதிவிட்டு அட்டவணையைப் பார்த்தால், மூன்றும் சேர்ந்து வரும் வரி ஒன்றே ஒன்றுதான்: எட்டாவது ஓட்டம். அதன் இரண்டு தண்டுகளுக்கு இடையேயான வேறுபாடும் 1.7 டெசிபல், மற்ற எட்டு ஓட்டங்களிலும் அது ஒரு டெசிபலைத் தொடவில்லை.

எண்கள் இதைச் சொல்வதற்கு முன்பே லேத் ஓட்டிய தம்பி சொல்லியிருந்தார். "சார், எட்டாவது ஜாப்ல மட்டும் லேசா கூவுது, கேட்டீங்களா?" என்று அவர் கேட்டதை ஓட்டத் தாளின் குறிப்புப் பத்தியில் எழுதி வைத்திருந்தோம். அந்தப் பத்தி இல்லாத ஓட்டத் தாளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தண்டுகளில் ஃபீட் வரிகளைக் குறுக்கே வெட்டியபடி நெருக்கமான சாய்வு அலைகள் இருந்தன. அது சாட்டர், அதாவது வெட்டும்போது கிளம்பும் அதிர்வு.

காரணம் வடிவத்தில் இருக்கிறது. 1.2 மி.மீ. ஆரமுள்ள நுனி 0.4 மி.மீ. ஆழத்தில் வெட்டும்போது, வெட்டு முழுவதும் நுனியின் வளைவுக்குள்ளேயே நடக்கிறது. இன்சர்ட்டின் நேர்விளிம்பு உலோகத்தைத் தொடுவதே இல்லை. அப்போது விசையின் பெரும்பகுதி அச்சு நீளவாக்கில் போகாமல் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மெல்லிய சீவல், அதிக வேகம், பக்கவாட்டுத் தள்ளல் என்ற மூன்றும் சேர்ந்து அதிர்வைக் கிளப்புகின்றன. வெட்டு ஆழம் நுனி ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இன்சர்ட் பயன்படுத்துவோர் கடைப்பிடிக்கும் கைவிதி. 1.2-க்கு அது 0.8. ஆறாவது ஓட்டத்திலும், 0.8 ஆரத்துக்கு 0.4 ஆழம் என்ற அளவில், இந்த விதி மீறப்பட்டிருந்தது. ஆனால் அங்கே வளைவும் சிறியது, வேகமும் குறைவு. சத்தமும் இல்லை, அலையும் இல்லை.

ஆக, கேடு ஆழத்தாலும் வரவில்லை, ஆரத்தாலும் வரவில்லை. இரண்டின் சேர்க்கையால் வந்தது. மடக்கை இதைச் சரிசெய்யாது. இது பெருக்கல் உறவு அல்ல, ஒரு மூலையில் மட்டும் திடீரென்று கிளம்பும் வேறொரு நிகழ்வு. எல்9 அணியின் இயல்பே, எந்த இரண்டு பத்திகளின் கூட்டு விளைவும் மற்ற இரண்டு பத்திகளில் பரவி மறைந்துகொள்வதுதான். ஆழமும் ஆரமும் சேர்ந்து செய்த குற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு 200 மீட்டர் வேகத்தின் மேலும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கு 0.15 ஃபீடின் மேலும் எழுதப்பட்டுவிட்டது. வேகத்தைக் கூட்டினால் பரப்பு கெடும் என்ற பொய்ச் செய்தி வந்த வழி இதுதான்.

சரிபார்ப்பு ஓட்டங்கள்

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரே ஓட்டம் போதும். எட்டாவது வரியில் ஆழத்தை மட்டும் 0.8-ஆக்கி, 120412 இன்சர்ட்டில் மிச்சமிருந்த நான்காவது முனையை வைத்து இரண்டு தண்டுகள் கடைந்தோம். சராசரிகளின்படி இந்தச் சேர்க்கைக்கு −1.93 டெசிபல், அதாவது 1.25 மைக்ரான் வர வேண்டும். வந்தவை 0.90-உம் 0.96-உம், +0.63 டெசிபல். கணிப்பைவிட இரண்டரை டெசிபல் நன்றாக இருந்தது.

கணிப்பைவிட நல்ல அளவு வந்தால் பட்டறையில் எல்லோரும் மகிழ்ந்துவிடுகிறார்கள். சரிபார்ப்பு தேறிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஒரே அமைப்பில் கடைந்த இரண்டு தண்டுகளுக்குள் உள்ள சிதறல் ஒரு டெசிபலுக்குள் இருக்கும்போது, இரண்டரை டெசிபல் விலகல் எந்தப் பக்கம் வந்தாலும், கூட்டல் கணக்கு எங்கோ உடைந்திருக்கிறது என்றே பொருள். சரிபார்ப்பு ஓட்டத்தில் கேட்க வேண்டியது அளவு நல்லதா என்பதை அல்ல, கணிப்போடு ஒத்துப்போகிறதா என்பதை.

பிறகு எட்டாவது ஓட்டத்தின் −3.21 என்ற அளவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் +0.63-ஐ வைத்தோம். இப்படி மாற்றிய பிறகு ஆழத்தின் பத்தி சமநிலையில் இல்லை. எனவே ஆழத்தை விலைப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, அது 0.8-இல் நிலைநிறுத்தப்படும் என்று முடிவுசெய்தோம். வேகம், ஃபீட், ஆரம் ஆகிய மூன்று பத்திகளின் சமநிலை இதனால் கெடவில்லை. புதுச் சராசரிகள்: வேகம் −6.01, −3.46, −2.52, ஃபீட் −0.45, −3.85, −7.69, ஆரம் −7.22, −3.53, −1.24, மொத்தம் −4.00. வளைந்து நின்ற பத்திகள் எல்லாம் நேராயின. 200 மீட்டர் இப்போது 160-ஐவிட ஏறத்தாழ ஒரு டெசிபல் மேல்.

ஆனால் சொந்த ஓட்டங்களை வைத்துத் திருத்திய பட்டியலை, அதில் சேராத ஒரு சேர்க்கையில் சோதிக்காமல் நம்ப முடியாது. அதற்கு, முதல் கணக்கு ஆகாது என்று தள்ளிய பக்கத்திலிருந்தே ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்: வேகம் 200, ஃபீட் 0.20, ஆழம் 0.8, ஆரம் 1.2. பழைய பட்டியலின் கணிப்பு 1.68 மைக்ரான், திருத்திய பட்டியலின் கணிப்பு 1.49. கடைந்த மூன்று தண்டுகளில் 1.42, 1.46, 1.50 வந்தன. ஒரு பட்டியல் வரம்புக்கு வெளியே என்று சொன்ன அமைப்பு, மூன்று தண்டிலும் வரம்புக்குள் நின்றது.

விலைப்பட்டியலை வைத்து வாங்கியது

0.20 ஃபீட் தேறுகிறது என்றாலும் அதை உற்பத்திக்கு எடுத்துக்கொள்ளவில்லை. புது முனையிலேயே 1.50 வருகிறதென்றால், முனை கொஞ்சம் தேய்ந்ததும் 1.6-ஐத் தொட்டுவிடும். அதோடு இந்த அணி அளந்தது சொரசொரப்பை மட்டுமே. முனையின் ஆயுளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதற்கு, வேகத்தையும் முனையின் ஆயுளையும் இணைக்கும் டெய்லர் சமன்பாட்டிடம் போக வேண்டும். கார்பைடுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 0.25 என்ற அடுக்கின்படி, வேகம் 120-லிருந்து 200-ஆனால் ஆயுள் நிமிடக் கணக்கில் எட்டில் ஒரு பங்காகிறது. 160-ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 160-லிருந்து 200-க்குப் போய்க் கிடைப்பது ஒரு டெசிபலும், ஒரு தண்டுக்கு நான்கைந்து விநாடியும்தான். தண்டை மாட்டிக் கழற்றவே 40 விநாடி ஆகும் பட்டறையில், அந்த நான்கைந்து விநாடிக்காக முனையின் ஆயுளில் பாதிக்கு மேல் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பட்டறை உரிமையாளரும் அதையே சொன்னார்.

எனவே வேகத்தை 160-இல் நிறுத்தினோம். பட்டியலின்படி 120-லிருந்து 160-க்குப் போவது 2.55 டெசிபலும், ஆரத்தை 0.8-லிருந்து 1.2-ஆக்குவது 2.29 டெசிபலும் தருகின்றன, கையில் 4.84 டெசிபல். ஃபீடை 0.10-லிருந்து 0.15-ஆக்க 3.40 செலவு. அதற்கு மேல் 0.16 வரை போக, 0.15-க்கும் 0.20-க்கும் இடையிலான சரிவை மடக்கை அளவில் பங்கிட்டால், இன்னும் 0.86. ஆக 4.26 செலவாகி, அரை டெசிபலுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அணியில் இல்லாத ஒரு ஃபீடுக்கும் இப்படிக் கணக்கிட முடிவதற்குக் காரணம், அந்த இடைவெளியில் புதிய நிகழ்வு எதுவும் கிளம்புவதில்லை என்பதை ஓட்டங்களில் பார்த்திருந்தோம். கணிப்பு 1.18 மைக்ரான்; கடைந்த மூன்று தண்டுகளில் வந்தவை 1.14, 1.19, 1.22.

```
G50 S2500
G96 S160 M03
G01 Z-90.0 F0.16
```

முடிப்பு வெட்டு 42 விநாடியிலிருந்து 20 விநாடிக்கு இறங்கியது. பரப்பு பழையதைவிடக் கெடவில்லை. ஒரு முனை தாங்கும் தண்டுகளின் எண்ணிக்கை, டெய்லர் கணக்கின்படி, முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்காகும். இது கணக்கு மட்டுமே. அதனால் ஒவ்வொரு 25-ஆவது தண்டையும் அளந்து, 1.5 மைக்ரானைத் தாண்டியதும் முனையைத் திருப்புவது என்று வைத்துக்கொண்டோம். முன்கடைசல் முடிப்பு வெட்டுக்கு விட்டத்தில் 1.6 மி.மீ.-க்குக் கூடவோ குறையவோ மிச்சம் விடக் கூடாது என்பது இப்போது புதுக் கட்டுப்பாடு. முன்பு 0.8 ஆரத்தோடு ஆழம் சற்று ஏறி இறங்கினாலும் கவலை இருக்கவில்லை, 1.2 ஆரத்தோடு 0.8 ஆழம் என்பது கைவிதியின் விளிம்பிலேயே நிற்கிறது. முன்கடைசல் விட்டம் 31.2-க்கு வந்துவிட்ட ஒரு தண்டை ஆபரேட்டர் தெரிந்தே ஓட்டிப் பார்த்தபோது, அந்தக் கூவல் மெலிதாகத் திரும்பி வந்தது.

அடுத்து இதே தண்டை எஸ்எஸ் 304-இல் கேட்கிறார்கள். அதற்கு இந்தப் பட்டியல் செல்லாது; ஒட்டும் குணமும் வேகத்தின் விளைவும் வேறு. அந்த அணியில் ஆழத்தைத் தனிக் காரணியாக மி.மீ. அளவில் வைக்காமல், நுனி ஆரத்தின் 0.7, 1.0, 1.5 மடங்கு என்று நழுவும் நிலைகளாக வைக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அப்போது எந்த வரியிலும் ஆழம் கைவிதிக்குக் கீழே இறங்காது. ஓட்டத் தொடங்கும் முன்பு ஒன்பது வரிகளையும் ஆபரேட்டர் உரக்கப் படித்து, ஓட்டத் தகாதது என்று அவருக்குப் படுவதை அங்கேயே குறித்துவிடுவதும் திட்டத்தில் இருக்கிறது.